பொறிவழிப் பாணிமாற்றம் பெற்ற உருவப்படங்களும் பார்வையாளருக்கான அறிவிப்பும்: சர் சி.வி. ராமன் படத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: உருவப்படம், பாணிமாற்றம், படவிளக்கம், மீத்தரவு, பள்ளிச் செயல்திட்டம்

முன்னுரை

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் பேருந்துகள் காவிரியைக் கடந்ததும் திருவானைக்காவலை அடைகின்றன. சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7ஆம் நாள் பிறந்த ஊர் அது. ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாள், ராமன் விளைவு கண்டறியப்பட்டதன் நினைவாகத் தேசிய அறிவியல் நாள் கொண்டாடப்படுகிறது. அந்நாளையொட்டி மாணவர் செய்யும் சார்ட்டுகளிலும், செய்தி அட்டை வடிவில் பகிரப்படும் பதிவுகளிலும் அவருடைய படம் தவறாமல் இடம்பெறும். அப்படம் இன்று மூல ஒளிப்படமாக இருக்கலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று எண்ணெய் ஓவியமாகவோ வண்ண ஒளிப்படமாகவோ மாற்றித் தந்ததாகவும் இருக்கலாம். பின்னது எனில் அதைப் பார்வையாளருக்கு எவ்விடத்தில், எச்சொற்களில் தெரிவிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாணிமாற்றம் முகத்தையும் மாற்றுகிறது

பாணிமாற்றம் என்பதை ஒளிப்படத்தின் மீது பூசப்படும் வண்ணப்பூச்சாகவே பலரும் கருதுகின்றனர். 2015இல் காட்டிஸ், எக்கர், பெத்கே ஆகியோர் முன்வைத்த முறைக்கு அக்கருத்து ஓரளவு பொருந்தும். அம்முறையில் மூலப்படத்தின் அமைப்பு பெரும்பாலும் நிலைக்க, தீட்டலும் நிறமும் மட்டுமே வேறோர் ஓவியத்திலிருந்து பெறப்பட்டன. இன்றைய படைப்பாக்கச் செயலிகள் பெரும்பாலும் அவ்வாறு செயல்படுவதில்லை. அவை மூலப்படத்தை ஒரு குறிப்பாகக் கொண்டு முழுப்படத்தையும் புதிதாக ஆக்குகின்றன. ஆகவே காதுமடலின் வடிவம், தலைப்பாகையின் மடிப்பு, மேற்சட்டையின் பொத்தான்கள் ஆகிய யாவும் ஊகத்தால் நிரப்பப்பட்டவையாகலாம்.

இதனை அறிய எளிய வழி உண்டு. மூல ஒளிப்படத்தையும் மாற்றப்பட்ட படத்தையும் ஒரே அளவாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேற்படத்தின் ஒளிபுகுதன்மையைப் பாதியாக்கிப் பார்த்தல் வேண்டும். கண், மூக்கு ஆகியவற்றின் கோடுகள் பொருந்தியும் காதும் தலைப்பாகையும் பிறழ்ந்தும் நின்றால், அது திருத்தப்பட்ட ஒளிப்படம் அன்று; புதிதாக வரையப்பட்டது.

ராமன் படத்தில் இதன் விளைவு முகத்தோடு நிற்பதில்லை. 'ஆய்வுக்கூடத்தில் ராமன்' என்று செயலியிடம் கேட்கும் மாணவருக்கு, அவர் கையருகே செந்நிற லேசர் கற்றை பாயும் படம் கிடைக்கக்கூடும். இன்றைய ராமன் நிறமாலைக் கருவிகளில் லேசர் உள்ளதால் அவ்விணைப்பு எளிதில் நேர்கிறது. ஆனால் 1928இல் கல்கத்தாவில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் பயன்படுத்தியவை சூரிய ஒளியும் பாதரச வில் விளக்குமே. முதல் லேசர் இயங்கியது 1960இல்தான். அறிவிப்பின்றி ஒட்டப்படும் அப்படம், சார்ட்டில் எழுதப்பட்ட வரலாற்றுக்கு எதிராகச் சான்று கூறும். கேலிச்சித்திரப் பாணியில் அமைந்த படத்தை எவரும் ஆவணமாகக் கொள்வதில்லை; பழைய ஒளிப்படத்தின் தோற்றமுடைய படத்துக்கே அறிவிப்பு மிகுதியும் தேவைப்படுகிறது.

கோப்பினுள் உள்ள சான்று எங்கே அழிகிறது?

சில செயலிகள், படம் பொறியால் ஆக்கப்பட்டது என்னும் செய்தியைக் கோப்பின் மீத்தரவிலேயே பதிந்து தருகின்றன. கணினியில் அதனைப் பின்வரும் கட்டளையால் காணலாம்.

```
exiftool -a -G1 -s raman.png
```

விடையில் `trainedAlgorithmicMedia` என்னும் சொல் தோன்றினால் அப்படம் பொறியால் ஆக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது எனலாம். தோன்றாமையோ எதையும் மெய்ப்பிப்பதில்லை. காரணம், அப்படம் கடந்துவந்த வழி. மாணவர் கைப்பேசியில் ஆக்கிய படத்தை வாட்ஸ்அப்பில் ஒளிப்படமாக நகலகத்துக்கு அனுப்பும்போது அது மீண்டும் சுருக்கப்பட்டு மீத்தரவை இழக்கிறது. ஆவணமாக அனுப்பினால் மீத்தரவு நிலைக்கும். ஆனால் கடைக்காரர் ஏ4 தாளில் அச்சிட்ட கணத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்தாலும் இதே நிலைதான். எனவே தாளில் நிற்கக்கூடிய சான்று, கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்றே.

எழுத்து இருந்தால் மட்டும் போதுமா?

'டைம்' இதழின் 1994 ஜூன் 27 அட்டைப்படம் இங்குக் கருதத்தக்கது. கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறை ஒளிப்படத்தை மாட் மஹூரின் என்னும் கலைஞர் கருமை கூட்டி மாற்றியிருந்தார். அதே வாரம் 'நியூஸ்வீக்' அதே ஒளிப்படத்தை மாற்றாமல் அட்டையில் வெளியிட்டதால் வேறுபாடு கடைத்தட்டிலேயே வெளிப்பட்டுக் கண்டனம் எழுந்தது. அது ஒளிப்படச் சித்திரிப்பு என்ற குறிப்பை 'டைம்' வெளியிடாமல் இல்லை. ஆனால் அது உட்பக்கத்தில் இருந்தது. பள்ளிச் சார்ட்டின் பின்புறத்திலோ, பதிவின் 'மேலும் படிக்க' என்பதற்குக் கீழேயோ இடப்படும் அறிவிப்பும் அத்தகையதே. செய்தி அட்டை பகிரப்படும்போது படம் மட்டுமே நகர்கிறது. உடன் எழுதிய வரிகள் நகர்வதில்லை. ஆதலின் அறிவிப்பு படத்தின் சட்டத்துக்குள், வெட்டினால் முகமும் சிதையும் இடத்தில் அமைதல் வேண்டும்.

சொல்லும் கருதத்தக்கது. மெட்டா நிறுவனம் 2024 மே மாதம் முதல் 'செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டது' என்னும் பொருளில் ஒரே முத்திரையை இட்டது. சிறு திருத்தம் மட்டும் செய்த ஒளிப்படங்களுக்கும் அது விழுந்ததால் ஒளிப்படக் கலைஞர்கள் எதிர்த்தனர்; ஜூலையில் முத்திரையின் சொல் மாற்றப்பட்டது. திருத்தியது, பாணி மாற்றியது, முழுதும் ஆக்கியது ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் சுட்ட இயலாது என்பதே அதிலிருந்து பெறப்படுவது. தமிழ் நாளிதழ்களின் 'கோப்புப் படம்' என்னும் குறிப்பு இவ்வகையில் நல்ல முன்மாதிரி. படம் அந்நிகழ்வின்போது எடுக்கப்பட்டதன்று என்பதை அது இரண்டே சொற்களில் உணர்த்திவிடுகிறது. ராமன் படத்துக்கு இவ்வாறு எழுதலாம்: 'மூலம்: 1930 நோபெல் பரிசுக்கால ஒளிப்படம். முகம் உட்பட முழுப்படமும் செயலியால் ஓவியப் பாணியில் மீள வரையப்பட்டது. பின்னணிக் கருவிகள் கற்பனை.' இறுதித் தொடரே ஆசிரியருக்கு மிகவும் பயன்படுவது. மாணவர் அதனை எழுத முற்படும்போது, எக்கருவி உண்மையில் இருந்தது என்று தேடவேண்டிய நிலை ஏற்படுகிறது.

சட்டத்தின் எல்லை

மைய அரசு 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவு விதிகள், செயற்கையாக ஆக்கப்பட்ட படத்தின் பரப்பில் குறைந்தது 10 விழுக்காட்டை முத்திரை மறைக்க வேண்டும் என்றன. 2026 பிப்ரவரி 20 முதல் நடப்புக்கு வந்த விதிகளில் அவ்வளவு நீக்கப்பட்டுத் தெளிவாகத் தெரியும் முத்திரை மட்டுமே வலியுறுத்தப்பட்டது. நல்லெண்ணத்துடன் விளக்கத்துக்காக உருவாக்கப்படும் கல்விப் பொருள்களுக்கு அவற்றில் விலக்கும் உண்டு. மேலும் அவ்விதிகள் இணையத்தளங்களை நோக்கியவை. சுவரில் தொங்கும் சார்ட்டை அவை எட்டுவதில்லை. ஆகவே பள்ளிச் செயல்திட்டத்தில் அறிவிப்பைக் கோருவது மதிப்பீட்டு ஆசிரியரின் பொறுப்பாகவே எஞ்சுகிறது. மூல ஒளிப்படத்தின் சிறு நகலை மாற்றிய படத்தின் அருகில் ஒட்டச் சொல்வது, நீண்ட விளக்கம் எழுதச் சொல்வதைவிட எளிது.

மூல ஒளிப்படமே இல்லாதவர்களிடத்தில் இவ்வழி பொருந்தாது. திருவள்ளுவருக்கு உள்ளது ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா கற்பனையில் வரைந்த உருவம். செயலி அதனை ஒளிப்படம்போல் மாற்றித் தரும்போது, கற்பனையின் மீது மற்றொரு கற்பனை படிகிறது. அங்கு அறிவிப்பு பொறியை மட்டும் சுட்டினால் முதற்கற்பனை மறைந்துபோகும். ஓவியர் பெயரும் உடன் எழுதப்பட வேண்டும்.