மணிக்கணக்கும் மனக்கணக்கும்

வீட்டிலிருந்தவாறே வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு போன்ற பணிகளைச் செய்துகொடுத்து, மணிக்கு இவ்வளவு என ஊதியம் பெறுபவரா நீங்கள்? அப்படியாயின் இரண்டு தாள்கள் உங்களுக்கு இன்றியமையாதவை. ஒன்று, வேலைக்கு முன் அளிக்கும் மதிப்பீடு. மற்றொன்று, வேலையின்போதே எழுதப்படும் நேரக்குறிப்பு. இரண்டாவது செம்மையாக இருந்தால்தான் முதலாவது செம்மையாகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு சகோதரி, கடையொன்றின் பொருட்பட்டியல் நூலை வடிவமைக்க ஒப்புக்கொள்கிறார். மணிக்கு 600 ரூபாய் வீதம் 20 மணி நேரம், ஆக 12,000 ரூபாய் என்கிறார். வேலை முடிந்தபோது 28 மணி நேரம் ஆகிவிட்டது. 16,800 ரூபாய்க்குரிய பட்டியைக் கண்டதும் கடைக்காரர் முகம் சுளிக்கிறார்.

பிழை எங்கே? அவருடைய நேரக்குறிப்பே விடை சொல்கிறது. வடிவமைப்புக்கு 17 மணி, திருத்தங்களுக்கு 6, தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் 3, அச்சகத்துக்குரிய கோப்புகளைத் தயாரிக்க 2. வடிவமைப்பை அவர் குறைத்து மதிப்பிடவில்லை. மற்ற 11 மணி நேரத்தை எண்ணிப் பார்க்கவே இல்லை!

இக்குறிப்பை எழுத கிளாக்கிஃபை, டாகிள், ஹார்வெஸ்ட் போன்ற மென்பொருள்கள் உள்ளன. வேலையின் பெயரை எழுதிப் பொத்தானை அழுத்தினால் கடிகாரம் ஓடும். எழும்போது நிறுத்த வேண்டும். ‘திருத்தம்’ என்று மட்டும் எழுதாமல், ‘மூன்றாம் பக்கப் படங்களை மாற்றியது’ என எழுதுங்கள். வாடிக்கையாளர் வினவும்போது அந்த வரியே உங்களுக்காகப் பேசும்.

வாரந்தோறும் குறிப்பை ஒருமுறை பாருங்கள். இடைவெளியின்றி ஐந்து மணி நேரம் பதிவாகியிருந்தால், கடிகாரத்தை நிறுத்த மறந்திருக்கக்கூடும். எல்லாப் பதிவுகளும் முழு மணிகளாகவே இருந்தால், அவை நினைவிலிருந்து பின்னர் நிரப்பப்பட்டவையாக இருக்கலாம்.

சிறு துளிகளை எவ்வாறு கணக்கிடுவீர்கள் என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். ஐந்து நிமிட அழைப்புகள் நான்கு வந்தனவென்று கொள்வோம். ஒவ்வோர் அழைப்பையும் 15 நிமிடமாக உயர்த்தினால் 600 ரூபாய். 6 நிமிடமாக உயர்த்தினால் 240 ரூபாய். சொல்லாமல் உயர்த்துவது அளவையில் குறை வைப்பதற்கு ஒப்பாகும்.

இனி அச்சகோதரியின் அடுத்த மதிப்பீடு எப்படி அமைய வேண்டும்? 24 முதல் 28 மணி நேரம். திருத்தம் இரண்டு சுற்றுகள் மட்டும். தொடர்பு நேரமும் கணக்கில் சேரும். 22 மணி நேரத்தை எட்டியதும் தகவல் தரப்படும். எழுத்துபூர்வமான சம்மதமின்றி 28 மணி நேரத்தைத் தாண்டாது. இந்த ஐந்து வரிகளும் போதும். மதிப்பீட்டைத் தயாரிக்கும் மென்பொருள்கள் அழகிய தாளையும் கையொப்பமிடும் வசதியையும் தரும். ஆனால் இந்த எண்களை அவற்றால் தர இயலாது. அவை உங்கள் பழைய நேரக்குறிப்பிலிருந்தே வரவேண்டும்.