எட்டு எண்களும் ஒரு கோடும்

கட்டட சைட்டில் கான்கிரீட் ஊற்றும்போதே 150 மில்லிமீட்டர் அளவில் கொஞ்சம் க்யூபுகளையும் வார்த்து எடுப்பார்கள். 28-ஆம் நாள் வரை தண்ணீரில் ஊறவைத்து, பிறகு லேபில் நசுக்கிப் பார்ப்பார்கள். மூன்று க்யூப் ஒரு சாம்பிள், மூன்றின் சராசரி அதன் வலிமை. எம்-25 கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கவேண்டும்.

வாரம் ஒரு சாம்பிளாக எட்டு வாரத்துக்கு வந்த முடிவுகள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 33.1, 32.8, 32.9, 31.6, 30.9, 30.2, 29.7, 28.8. இவற்றைப் பத்தியில் எழுதினால், இப்போது நீங்கள் தாண்டிப் போனதுபோலவே எல்லோரும் தாண்டிப் போவார்கள். அட்டவணையாகப் போட்டால் வார்த்த தேதி, எந்தத் தூண், எந்தத் தளம், எவ்வளவு வலிமை என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கும். பில் பாஸ் செய்யும் பொறியாளருக்கு அதுதான் வேண்டும். ஆறாவது வாரத்துத் தளம் தேறியதா என்று விரல் வைத்துப் பார்ப்பார். எட்டுமே 25-க்கு மேல், எனவே கையெழுத்து விழுந்துவிடும்.

அதே எட்டையும் புள்ளி வைத்துக் கோடாக இழுத்தால் வேறு விஷயம் தெரியும். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு கோடு ஒருமுறைகூட ஏறவில்லை. மணல் மாறியதா, தண்ணீர் கூடியதா என்று சைட்டில் கேட்கவேண்டிய நேரம் இது. ஆகவே ரிப்போர்ட்டின் நடுவில் கோடு, பின்னிணைப்பில் முழு அட்டவணை என்று வைப்பேன். தகராறு வந்தால் யாரும் கோட்டை அளந்து 29.7 என்று நிரூபிக்க முடியாது.

கோட்டிலும் ஏமாற்று உண்டு. செங்குத்து அச்சை 28-ல் தொடங்கினால் கட்டடமே சரிவதுபோல் இருக்கும். 25-இல் ஒரு குறுக்குக் கோடு கிழித்து, அதற்குக் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டால், சரிவும் தெரியும், ஆபத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதும் தெரியும். பட்டை வரைபடம் என்றால் மட்டும் பூஜ்யத்தில்தான் தொடங்கவேண்டும், ஏனென்றால் அங்கே கண் பட்டையின் நீளத்தையே அளக்கிறது.

பத்திக்கு என்ன வேலை? ஒரு சாம்பிளில் மூன்று க்யூபும் 31, 30, 22 என்று வந்தால் சராசரி 27.7, பார்வைக்குப் பாஸ்தான். ஆனால் எந்த க்யூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது இந்தியத் தர விதி. 22 இருபது சதவீதம் கீழே கிடக்கிறது, அதனால் அந்த சாம்பிளே செல்லாது. அட்டவணையில் 27.7 என்று போட்டால் பொய், வெறுமனே கோடு போட்டு விட்டால் மர்மம். அந்த க்யூபின் மூலை உடைந்திருந்ததா, சரியாகக் குத்தி இறுக்காமல் உள்ளே பொந்து விழுந்ததா, மறுபரிசோதனைக்கு என்ன ஏற்பாடு என்பதை நான்கு வாக்கியத்தில் எழுதத்தான் வேண்டும். அட்டவணையின் அந்தக் கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அந்தப் பத்தியின் எண்ணைக் கொடுத்தால் போதும்.