திரும்பக் கிளம்பும் முன் பார்சலைப் பிடிப்பது எப்படி?

காலையில் செல்போனில் Out for Delivery என்று வந்திருக்கும். மாலை வரை வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். இரவு மறுபடி பார்த்தால் Undelivered, அதன் கீழே சின்ன எழுத்தில் Incomplete Address. முகவரி முழுமையாக இல்லையாம். ‘சரி, நாளைக்குக் கொண்டுவருவார்கள்’ என்று பலர் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கூரியர்க் கிளைகளில் வேறு பல காரணங்களுக்காகத் திரும்பி வந்த பார்சல் மறுநாள் மறுபடி கிளம்பக்கூடும். இந்தக் காரணத்தோடு வந்தது அப்படிக் கிளம்பாமல் போகலாம். ஏன் என்று தெரிந்துகொண்டால், அதைப் பிடிக்க என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

ஒரு பார்சலைக் கற்பனை செய்துகொள்வோம். பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மா, சென்னை வேளச்சேரியில் தங்கி வேலை பார்க்கும் மகனுக்கு இட்லிப் பொடி, இரண்டு சட்டை, அவன் விட்டுவிட்டுப் போன சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுத் திங்கள்கிழமை மாலை கூரியரில் கொடுக்கிறார். பெட்டியின் மேல் மகன் பெயர், காந்தி தெரு, வேளச்சேரி, சென்னை 600042. கதவு எண் இல்லை. போன் நம்பர் கேட்டபோது தன்னுடைய நம்பரைச் சொல்லியிருக்கிறார். கவுன்டரில் இருந்தவர் அதையே இரண்டு கட்டத்திலும் அடித்துவிட்டார்.

இவ்வளவு குறையோடும் அந்தப் பெட்டி 600 கிலோமீட்டருக்கு மேல் தடங்கலே இல்லாமல் சென்னை வந்து சேரும். வழியில் எங்கும் முகவரியை யாரும் படிப்பதில்லை என்பதுதான் காரணம். பார்கோடையும் பின்கோடையும் மட்டும் பார்க்கிறார்கள். தபால் துறை 1972 ஆகஸ்ட் 15 அன்று கொண்டுவந்த அந்த ஆறு இலக்க எண்ணைத்தான் தனியார் கூரியர்களும் நம்பியிருக்கின்றன. 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம், 600 என்றால் சென்னை, கடைசி மூன்று இலக்கம் எந்தத் தபால் நிலையத்தின் எல்லை என்பதைச் சொல்லும். அதோடு பின்கோடின் வேலை முடிந்தது. தெருவையும் வீட்டையும் கண்டுபிடிப்பது, பைக்கில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் டெலிவரி ஊழியரின் பாடு.

புதன்கிழமை காலை வேளச்சேரிக் கிளையில் பெட்டி இறங்குகிறது. அன்றைய பட்டியலில் ஏற்றி ஊழியரிடம் கொடுக்கிறார்கள். அவர் தெருவுக்கு வருகிறார். கதவு எண் இல்லாததால் பெட்டியில் உள்ள நம்பருக்கு அடிக்கிறார். மணி அடிப்பது பாளையங்கோட்டையில். தெரியாத நம்பர் என்று அம்மா எடுக்கவில்லை. பெரும்பாலான இடங்களில் எத்தனை பார்சல் கொடுத்தார் என்பதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குக் காசு. ஒரு பெட்டிக்காகத் தெரு முழுக்க விசாரித்துக்கொண்டிருக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.

மாலையில் கொடுக்க முடியாத பார்சல்களோடு கிளைக்குத் திரும்பியதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தைப் பதிய வேண்டும். கதவு பூட்டியிருந்தது, வாங்க மறுத்தார், இன்னொரு நாள் வரச் சொன்னார், முகவரி முழுமையாக இல்லை என்று சில காரணங்கள் அவர் கையிலுள்ள கருவியிலேயே இருக்கும். கதவு பூட்டியிருந்தது என்றால் பெட்டி மறுநாள் பட்டியலில் தானாக ஏறும். முகவரி சரியில்லை என்று பதிந்தால் பல நிறுவனங்களில் அது ஏறாது. புது விவரம் எதுவும் வராமல் மறுபடி அதே தெருவுக்கு அனுப்பி என்ன பயன் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே பெட்டி ஒரு ஓரமாக ஒதுங்கி, அனுப்பியவரிடமிருந்து தகவல் வருவதற்காகக் காத்திருக்கிறது. அது ஒரு நாளா, இரண்டு மூன்று நாளா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கெடு முடிந்தால் RTO, அதாவது புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்பு என்ற கட்டளை விழும்.

காத்திருப்பது பெறுபவரின் தகவலுக்காக அல்ல, அனுப்பியவரின் தகவலுக்காக என்பதைக் கவனிக்க வேண்டும். மகன் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு, ‘அனுப்பினவங்க சொல்லணும் சார்’ என்ற பதில் கிடைத்தால் கோபம் வரும். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. கூரியருக்குப் பணம் கட்டியவர் அம்மா. பார்சல் நம்பர் தெரிந்த எவரும் போன் செய்து முகவரியை மாற்றலாம் என்றால், யார் பெட்டியை யார் வேண்டுமானாலும் வேறு வாசலுக்குத் திருப்பிவிட முடியும். விடுபட்ட கதவு எண்ணை, அடையாளத்தைப் பெறுபவர் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். பெயர், தெரு, பின்கோடு மாறுவதானால் அனுப்பியவரின் வாய்மொழியோ மெயிலோ வேண்டும்.

எனவே இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்க வேண்டும். அம்மா ரசீதோடு பாளையங்கோட்டை புக்கிங் கவுன்டருக்குப் போக வேண்டும், அல்லது ரசீதில் பதிந்த அதே நம்பரிலிருந்து பேச வேண்டும். கவுன்டர்க்காரர் தங்கள் சிஸ்டத்திலேயே புது முகவரியைப் பதிந்து சென்னைக் கிளைக்கு அனுப்ப முடியும். கஸ்டமர் கேரை விட இது பல சமயம் வேகமான வழி, ஏனென்றால் அவருக்கு நாளை மறுபடியும் அந்த வாடிக்கையாளர் வேண்டும். சொல்ல வேண்டியதும் கொஞ்சம்தான்: பார்சல் நம்பர், புதிய எண்ணும் பழைய எண்ணும், எந்த மாடி, எத்தனையாவது குறுக்குத் தெரு, தூரத்திலிருந்தே கண்ணில் படும் ஒரு அடையாளம், மகனின் போன் நம்பர். சென்னையில் கதவு எண்கள் மாற்றப்பட்ட பிறகு பல வீடுகளில் இரண்டு எண்களும் புழங்குவதால், ஒன்றை மட்டும் கொடுத்தால் ஊழியர் பக்கத்துத் தெரு முனையில் போய் நிற்பார்.

இதற்கிடையில் மகன் வேளச்சேரிக் கிளைக்கே நேரில் போவது இன்னும் நல்லது. ஊழியர்கள் பட்டியல் வாங்கிக் கிளம்புவதற்கு முன் காலையிலோ, திரும்பி வந்த பிறகு மாலையிலோ போனால்தான் பெட்டி அங்கே இருக்கும். அடையாள அட்டையையும் அம்மா போனில் அனுப்பிய ரசீதின் படத்தையும் காட்டினால் பெரும்பாலும் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், முகவரியைத் திருத்தச் சொல்லி இன்னொரு நாள் காத்திருப்பதைவிட நேரில் வாங்கிக்கொள்வதே மேல்.

மகன் அதற்குள் வேளச்சேரியை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிமாறிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். கதை மாறிவிடுகிறது. 600042க்குள் எந்தத் தெருவுக்கு மாற்றினாலும் பெட்டி அதே கிளையில்தான் இருக்கும், பட்டியலில் ஒரு வரி மட்டும் திருந்தும். தாம்பரம் 600045. அது வேறு கிளை. பெட்டி மறுபடி ஹப்புக்கு ஏறி, வேறு வண்டி பிடிக்க வேண்டும். சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும், சில அப்படியொரு வசதியே இல்லை என்று சொல்லிவிடும். அங்கேயும் தாம்பரத்திலிருந்து நேரில் வந்து வேளச்சேரிக் கிளையில் வாங்கிக்கொண்டு போவது, பெட்டி ஊர் சுற்றி வருவதைவிடச் சீக்கிரம் முடியும்.

திரையில் RTO என்று விழுந்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். அது கணினியில் விழுந்த கட்டளை. பெட்டி அப்போதும் கிளையின் தரையிலேயே கிடக்கலாம். திரும்ப வேண்டியவற்றை மூட்டையில் போட்டு, சீல் வைத்து, ஹப்புக்குப் போகும் வண்டியில் ஏற்றும் வரை அதை எடுத்து நிறுத்தக் கிளை மேலாளரால் முடியும். மனம் இருந்தால். அதனால் RTO என்று பார்த்த உடனே கேட்க வேண்டிய ஒரே கேள்வி, ‘பெட்டி இப்ப கிளையில இருக்கா, மூட்டை கட்டிட்டீங்களா?’ என்பதுதான். வண்டி புறப்பட்ட பிறகு, வழியில் உள்ள எந்த ஹப்பிலும் ஒரு தனிப் பெட்டிக்காகச் சீல் வைத்த மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள். இதற்குப் பிறகு கெஞ்சிப் பயனில்லை.

ஆன்லைனில் வாங்கிய பொருளானால் அனுப்பியவர் அந்தக் கடைக்காரர். கூரியரோடு மல்லுக்கட்டாமல், ஆர்டர் பக்கத்தில் முகவரித் திருத்தமோ மறு டெலிவரி கேட்கும் வசதியோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கடைக்கு எழுத வேண்டும். கொடுக்க முடியாத பார்சல்களின் பட்டியல் கடைக்காரருக்கும் போகும். அவர் கெடுவுக்குள் மறு முயற்சி என்று பதில் தந்தால்தான் பெட்டி நகரும். சின்னக் கடைகள் அந்தப் பட்டியலைத் தினமும் பார்ப்பதில்லை.

முகவரி முழுமையாக இருந்தும் இதே காரணம் விழுவதுண்டு. நேரம் போதாமல் விட்ட வீடுகளுக்கும் ஏதாவது ஒரு காரணத்தைப் பதிந்தாக வேண்டும் அல்லவா? போன் வரவில்லை, காரணம் பதிவான நேரமோ இரவு ஒன்பது மணி என்றால் சந்தேகப்படலாம். அப்போது முகவரியைத் திருத்தித் தருவதோடு, ஊழியர் வரவே இல்லை என்று புகாராகவும் பதியச் சொல்ல வேண்டும். புகார் எண் ஒன்று விழுந்துவிட்டால் கிளையில் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

இதே அவசரத்தை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி சரியில்லாததால் கொடுக்க முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் திருத்துங்கள் என்று தபால் துறையின் பெயரில் வரும் குறுஞ்செய்தி போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் எச்சரித்திருக்கிறது. அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் சில்லறைத் தொகை ஒன்றைக் கட்டச் சொல்லி கார்டு விவரத்தைக் கேட்கும். செய்தியில் இருப்பதை நம்பாமல், ரசீதில் உள்ள நம்பரை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நாமே அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே Undelivered என்று இல்லையென்றால் செய்தியை அழித்துவிடலாம்.

பெட்டி பாளையங்கோட்டைக்கே போய்விட்டால் அம்மா அதை வீட்டுக்கு வரவழைக்கத் தேவையில்லை. கவுன்டருக்குப் போன் செய்து ‘அங்கேயே வையுங்க, வந்து மறுபடி புக் பண்றேன்’ என்று சொல்லிவிடலாம். புது ஸ்டிக்கர் ஒட்டும்போது பழைய பார்கோடைக் கிழித்து எடுக்கச் சொல்ல வேண்டும், அல்லது கறுப்பு மையால் அடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு பார்கோடு இருந்தால் ஹப்பில் பழையதும் ஸ்கேன் ஆகலாம். பழையது திரும்பி அனுப்பப்பட்டதாகக் கணக்கில் இருக்கும் என்பதால், பெட்டி பாதி வழியிலேயே தேங்கிவிடும்.