'ஓ.டி.' என்றால் வலது கண்ணா, தினம் ஒரு வேளையா?

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் அப்பா, அம்மா தோட்டத்தோடு இருக்க, பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு முழுக்க ஆங்கிலம். கண் மங்கலாக இருக்கும் அம்மா அதை போட்டோ எடுத்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மகள் அதைத் தமிழாக்கி, அம்மா போனில் காதால் கேட்கும்படி திருப்பி அனுப்ப வேண்டும். போனிலேயே இதற்கு வசதி இருக்கிறது. ஆனால், மருந்துச் சீட்டு விஷயத்தில் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

படம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

சீட்டை மேஜையில் சுருக்கம் இல்லாமல் விரித்து, பகல் வெளிச்சத்தில், போனை நேர் மேலே பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், வழுவழுப்பான தாளில் அது வெள்ளைத் திட்டாக விழுந்து எழுத்தை மறைக்கும். தாளின் நான்கு மூலைகளும் படத்தில் தெரிய வேண்டும். ஓரத்தில் ஒரு வரி வெட்டுப்பட்டால், ஒரு மருந்தே காணாமல் போய்விடும்.

வந்த படத்தை கூகுள் லென்ஸில் திறந்தால் எழுத்துகளைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம். உடனே தமிழுக்கு மாற்றாமல், முதலில் ஆங்கில எழுத்தையே Copy செய்து, படத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். எண்களைப் பார்ப்பதுதான் முக்கியம். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பதை '1-0-1' என்று எழுதுவார்கள். நடுவில் உள்ள கோடுகள் விட்டுப்போனால் போன் அதை 'நூற்றியொன்று' என்று வாசிக்கும். கையால் எழுதிய சீட்டு என்றால் லென்ஸை நம்பவே வேண்டாம். மருந்துக்கடைக்காரரிடம் கேட்பதே வழி.

மொழிபெயர்ப்பு வழுக்கும் இடம்

மருந்துச் சீட்டில் முழு வாக்கியங்களைவிடச் சுருக்கெழுத்துகள்தான் அதிகம். 'ஓ.டி.' என்ற இரண்டு எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்குப் பக்கத்தில் இருந்தால் 'தினம் ஒரு வேளை' என்று பொருள். கண் சீட்டில் அதுவே 'வலது கண்'. லத்தீன் மொழியிலிருந்து வந்த சுருக்கம் அது. இடது கண்ணுக்கு 'ஓ.எஸ்.', இரண்டு கண்ணுக்கும் 'ஓ.யு.'. ஒரே சீட்டில் சொட்டு மருந்தும் மாத்திரையும் இருந்தால் 'ஓ.டி.' இரண்டு பொருளிலும் வரலாம். மொழிபெயர்ப்புச் செயலி இதை அப்படியே விட்டுவிடும், அல்லது தவறாக ஊகிக்கும். அதனால் ஆஸ்பத்திரிக்கோ மருந்துக்கடைக்கோ போன் செய்து, "எந்தக் கண்? ஒரு நாளைக்கு எத்தனை முறை?" என்று கேட்டுவிடுங்கள்.

அட்டவணையை அப்படியே அனுப்பாதீர்கள்

ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரா வாரம் குறைத்துக்கொண்டே வருவது வழக்கம். இதைச் சீட்டில் கட்டம் போட்டு எழுதுவார்கள். கண்ணுக்குக் கட்டம் எளிது. காதுக்கு அது குழப்பம். சில நேரம் போன் முதலில் மருந்துப் பெயர்களை எல்லாம் வாசித்து, பிறகு எண்களை எல்லாம் வரிசையாக வாசிக்கும். எந்த எண் எந்த மருந்துக்கு என்று கேட்பவருக்குத் தெரியாது.

ஒவ்வொரு மருந்தையும் தனித்தனி மெசேஜாக, சின்னச் சின்ன வாக்கியங்களில் தட்டச்சு செய்யுங்கள். உதாரணத்துக்கு:

"முதல் மருந்து. ரப்பர் பேண்ட் ஒன்று போட்ட பாட்டில். இடது கண்ணில் மட்டும் ஒரு சொட்டு. முதல் வாரம், ஒரு நாளைக்கு ஆறு முறை. இரண்டாம் வாரம், ஒரு நாளைக்கு ஐந்து முறை."

மருந்தின் ஆங்கிலப் பெயரை அம்மாவால் பாட்டிலில் படிக்க முடியாது. அதனால்தான் ரப்பர் பேண்ட். இரண்டாவது மருந்துக்கு இரண்டு பேண்ட். பெயர் படித்துப் பார்க்கக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே இதைப் போட்டுவிட வேண்டும். ஒரே மாதிரி பாட்டில்களை விரலால் தடவியே பிரித்துக்கொள்ளலாம்.

எழுத்தாகவே அனுப்புங்கள். தமிழாக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால், திரை வாசிக்கும் வசதிக்கு அது வெறும் படம்தான். பூ, கும்பிடு பொம்மைகளும் வேண்டாம். அவற்றின் பெயரையும் போன் நடுவில் வாசித்து வைக்கும்.

அம்மாவின் போனில்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் Accessibility பகுதிக்குள் இரண்டு வசதிகள் உண்டு. TalkBack-ஐ இயக்கினால் போனைத் தொடும் முறையே மாறிவிடும். ஒரு முறை தொட்டால் வாசிக்கும், இரு முறை தட்டினால்தான் திறக்கும். பார்வை அறவே இல்லாதவர்களுக்கு அது தேவை. ஓரளவு தெரிபவர்களுக்கு Select to Speak போதும்; அந்தப் பட்டனைத் தொட்டு, பிறகு மெசேஜைத் தொட்டால் அதை மட்டும் வாசிக்கும். Text-to-speech பகுதியில் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

எல்லாம் அனுப்பி முடித்ததும் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு எந்தக் கண்ணுக்கு, எந்த பாட்டில், எத்தனை தடவை?" என்று கேளுங்கள். அவர் வாயால் சரியாகச் சொன்னால்தான் சீட்டு சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.