பதிமூன்று லட்சத்துக்கு ஒரு கணக்கு

தன்னாட்சிக் கல்லூரிகளில் நிதிக்குழு என்று ஒன்று உண்டு. முதல்வர் தலைமையில், நிர்வாகக் குழு நியமிக்கும் ஒருவர், பல்கலைக்கழகத்தின் நிதி அலுவலர், மூத்த ஆசிரியர் ஒருவர் ஆகியோர் அதில் இருப்பார்கள். இவர்களில் பலர் கேட்கும் துறையின் பாடத்தைப் படித்தவர்கள் அல்லர். ஒரே அமர்வில் எல்லாத் துறைகளின் கோரிக்கைகளும் மேசைக்கு வரும். அதனால் அவர்கள் மனத்தில் எழும் கேள்வி எந்த வரிசையில் எழுகிறதோ, அந்த வரிசையிலேயே பதிலும் இருக்கவேண்டும்.

கணினி அறிவியல் துறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் 2015-இல் வாங்கிய 36 கணினிகள். இருபது செத்துக் கிடக்கின்றன, பதினாறு ஓடுகின்றன. செய்முறை வகுப்புக்கு வரும் அணியில் 35 மாணவர்கள். துறை முதலில் எழுதியது ஒரே வரி: ‘கணினி ஆய்வக மேம்பாடு – ரூ. 20 லட்சம்’. அதற்குப் பின்னால் மூன்று பக்கம் கணினிக் கல்வியின் அவசியம் பற்றி. அவசியத்தை யாரும் மறுக்கவில்லை. இருபது லட்சம் எப்படி வந்தது என்பதற்குத்தான் அந்த மூன்று பக்கத்திலும் பதில் இல்லை.

திருத்திய கோரிக்கை, கேட்கும் தொகையோடு தொடங்குகிறது: புதிய கணினி 20, பழைய கணினி 16-ஐப் புதுப்பித்தல், யுபிஎஸ் பேட்டரி மாற்றம், மொத்தம் ரூ. 13,28,320. எவ்வளவு என்று தெரிந்தபின்தான் ஏன் என்று படிக்க உறுப்பினருக்குப் பொறுமை வரும்.

அடுத்தது நிலவரம். இருப்புப் பதிவேட்டின் எண்களோடு எந்த எந்தக் கணினி ஓடவில்லை, என்ன பழுது என்று ஒரு பட்டியல். பெரும்பாலும் மதர்போர்டு போனவை, அந்த மாடலுக்கு உதிரி கிடைப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. 2015-ஆம் ஆண்டுக் கணினிகளின் பிராசசர்கள் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. உறுப்பினர் விரும்பினால் ஆய்வகத்துக்குள் நடந்து சென்று சரிபார்க்கக்கூடிய விவரங்கள் இவை. ‘காலாவதியான உபகரணங்கள்’ என்று எழுதினால் எதைச் சரிபார்ப்பது?

விலைப்பட்டியலுக்கு முன்னால் ஒரு பத்தி வருகிறது. பலர் எழுதாமல் விடும் பத்தி இது, நம்பிக்கை பிறப்பதும் இங்கேதான். முப்பத்தாறையும் ஏன் மாற்றவில்லை? ஓடும் பதினாறில் எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் போட்டு லினக்ஸ் நிறுவினால் முதலாண்டு நிரலாக்கப் பாடத்துக்குப் போதும் என்று துறை சோதித்துப் பார்த்திருக்கிறது. குறைந்த செலவில் முடிவதைத் துறையே தேடிப் பார்த்துவிட்டது என்று தெரிந்தால், மிச்சத்தைக் கேட்பதில் நியாயம் இருக்கும் என்று குழு எடுத்துக்கொள்ளும்.

இதன் பிறகு செலவு. புதிய கணினி 20, ஒன்று ரூ. 48,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து ரூ. 11,32,800. எஸ்எஸ்டி, ராம் 16 செட், ஒன்று ரூ. 4,000, வரியுடன் ரூ. 75,520. பேட்டரி 16, வரி உட்பட ஒன்று ரூ. 7,500, ஆக ரூ. 1,20,000. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே விலை எங்கிருந்து வந்தது, எண்ணிக்கை ஏன் அவ்வளவு என்ற காரணம் நிற்கிறது. காரணங்களைத் தனிப் பக்கத்தில் குவித்தால் படிப்பவர் முன்னும் பின்னும் புரட்டவேண்டியிருக்கும். கணினிக்கு மூன்று கொட்டேஷன்கள் இணைப்பில் உள்ளன. மிகக் குறைந்த விலையை ஏன் எடுக்கவில்லை என்பதும் அங்கேயே இருக்கிறது: அந்த நிறுவனம் ஓராண்டு வாரண்டிதான் தருகிறது, எடுத்த நிறுவனம் மூன்றாண்டு, அதுவும் கல்லூரிக்கே வந்து சரிசெய்யும் வாரண்டி.

நிதி அலுவலர் எல்லா வரியையும் கூட்டிப் பார்க்கமாட்டார். ஏதோ ஒரு வரியைப் பெருக்கிப் பார்ப்பார். அது சரியாக வந்தால் மற்றதையும் நம்புவார். முதல் பக்கத்து மொத்தமும் இணைப்பின் மொத்தமும் நூறு ரூபாய் வேறுபட்டாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும். ‘இதரச் செலவு – ரூ. 2,00,000’ என்ற முழு எண்ணும் அப்படித்தான். எதற்கு என்று சொல்ல முடியாத தொகை பட்டியலில் இருக்கவே கூடாது.

எப்படியும் வெட்டுவார்கள் என்று கூட்டிக் கேட்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது கேட்பவருக்கே கேடு. தணிக்கை செய்த கணக்கும் இதே குழுவிடம்தான் வரும். வாங்கிய தொகையில் நான்கு லட்சம் செலவாகாமல் கிடந்தால், அடுத்த ஆண்டு அந்தத் துறையின் நியாயமான கோரிக்கையிலும் கால்வாசி வெட்டு விழும்.

வரப்போகும் செலவையும் மறைக்கக்கூடாது. வாரண்டி முடிந்து நான்காம் ஆண்டிலிருந்து ஏஎம்சி கட்டவேண்டும், பேட்டரிகளையும் சில ஆண்டுகளில் மறுபடி மாற்றவேண்டும். இவை ஆண்டு வாரியாகத் தனியே வருகின்றன.

கடைசிப் பக்கம், பணம் குறைவாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு. குழுவிடம் எட்டு லட்சம்தான் இருக்கிறது என்றால், முதலில் பேட்டரி, அடுத்து பழைய பதினாறின் புதுப்பிப்பு, மீதியில் புதிய கணினி பத்து: மொத்தம் ரூ. 7,61,920. அப்போது 35 பேருக்கு 26 கணினிகள் இருக்கும், பதினெட்டு மாணவர்கள் இருவர் இருவராக உட்காரவேண்டியிருக்கும் என்பதையும் துறை அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.