14 ரோல் துணியும் ஒரு போன் காலும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். அங்கே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒரு பெண். சாயப்பட்டறையிலிருந்து 50 ரோல் நேவி புளூ துணி வந்து இறங்குகிறது. ஆர்டரில் கேட்டது 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் இருக்க வேண்டும். ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். 171க்குக் கீழே போனால் வாங்குபவர் ஏற்க மாட்டார். வட்டக் கட்டரால் நூறு சதுர சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டித் தராசில் வைத்தார்கள். 1.68 கிராம் காட்டியது. நூறால் பெருக்கினால் 168.

அவர் மெயில் போட்டார்: “வழக்கம்போல ஜிஎஸ்எம் குறைவு. ஷிப்மென்ட் தாமதமானால் செலவு உங்கள் கணக்கில்.” சாயப்பட்டறை மேனேஜரிடமிருந்து அரைமணி நேரத்தில் பதில்: “எங்கள் சோதனையில் 178. உங்கள் நிட்டிங்கைப் பாருங்கள்.” அடுத்த மெயிலில் அவர் தன் ஜெனரல் மேனேஜரை சிசியில் சேர்த்தார். மேனேஜர் தன் முதலாளியைச் சேர்த்தார். நான்காவது மெயில் “முன்பே தெளிவாகச் சொன்னபடி” என்று தொடங்கியது. மாலைக்குள் சிசியில் ஒன்பது பேர். துணி மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தது.

மெயிலை விட்டு போனுக்கு மாற வேண்டிய நேரத்தைக் கண்டுகொள்ள அந்த சிசி வரிசையைப் பார்த்தாலே போதும். மேலதிகாரிகள் படிக்கிறார்கள் என்றானதும் எதிரில் இருப்பவருக்கு எழுதுவது நின்றுபோகிறது, பார்ப்பவர்களுக்காக எழுதுவது தொடங்குகிறது. அதன்பிறகு யாராலும் இறங்கி வர முடியாது. ஒரே விஷயத்துக்கு இரண்டு பதில் போய்வந்தும் புதிய தகவல் எதுவும் வரவில்லையென்றால் மூன்றாவது மெயிலை எழுதாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

எழுத்தில் தொனி சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஒரே வாக்கியத்தைச் சிலர் மெயிலில் அனுப்பினார்கள், சிலர் குரலில் சொன்னார்கள். அது கிண்டலா, நிஜமா என்று குரலில் கேட்டவர்கள் ஏறக்குறைய முக்கால்வாசித் தடவை சரியாகக் கண்டுபிடித்தார்கள். படித்தவர்களின் கணிப்போ பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். அதைவிட முக்கியமானது, மெயில் எழுதியவர்கள் தங்கள் தொனி நன்றாகவே புரிந்திருக்கும் என்று நம்பியிருந்தார்கள். “வழக்கம்போல” என்ற அந்த ஒரு சொல் அவசரத்தில் விழுந்ததாக இருக்கலாம். படித்தவருக்கு அது பத்து வருடத் தொழில்மீது வைத்த குற்றச்சாட்டு.

போனுக்கு அழைக்கும் மெயில் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். “போனில் பேசலாம், ஆனாலும் உங்கள் சோதனை தவறு” என்று எழுதினால் அதுவும் சண்டையின் இன்னொரு சுற்றுதான். நம் மெர்ச்சண்டைசர் எழுதியது இது: “இதை எழுதித் தீர்க்க முடியாது என்று தோன்றுகிறது. இன்று 4.30க்கு நாம் இருவரும் பேசலாமா? ரோல் வாரியான சோதனை விவரமும் பேட்ச் கார்டும் கையில் இருந்தால் உதவியாக இருக்கும். பேசி முடித்ததும் முடிவை எல்லோருக்கும் அனுப்புகிறேன்.” இந்த மெயில் ஒன்பது பேருக்கும் போனது, ஏனென்றால் திடீரென்று அமைதியானால் தோற்றுவிட்டதாக நினைப்பார்கள். ஆனால் காலில் இருந்தது இரண்டே பேர். கூட்டத்தைக் கூட்டினால் சிசியில் நடந்ததே ஸ்பீக்கரிலும் நடக்கும்.

காலில் அவர் தன் வாதத்தை முதலில் வைக்கவில்லை. “அண்ணா, முதல்ல நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்” என்றார். மேனேஜர் கொட்டித் தீர்க்க ஐந்து நிமிடம் ஆனது. பிறகு அவர் கேட்டதில்தான் முடிச்சு அவிழ்ந்தது: “178 வந்தது எந்த ரோலுங்க?”

“அஞ்சாம் நம்பர் ரோலுங்க மேடம்.”

இவர் வெட்டியது 26ஆம் நம்பர் ரோல். இருவர் சொன்னதும் உண்மை. அத்தனை மெயிலிலும் ரோல் நம்பரை யாருமே எழுதவில்லை. மேனேஜர் பேட்ச் கார்டைப் புரட்டினார். 21 முதல் 34 வரை 14 ரோல்கள் 66 அங்குல அகலத்துக்குப் பதிலாக 70 அங்குலத்தில் ஃபினிஷிங் ஆகியிருந்தன. 66இல் 180 இருக்கும் துணியை 70க்கு விரித்தால் 170க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். “உங்க கட்டிங் மாஸ்டர்தானுங்க போன் பண்ணி 70 வேணும்னாரு. பாதியில மாத்தினோம், அப்புறம் வேண்டாம்னுட்டாரு.”

இப்படிப் பேச்சில் போய் எழுத்தில் வராத ஒரு மாற்றம்தான் இந்தச் சண்டைக்கே காரணம். அதனால் போனில் தீர்ந்ததைப் போனோடு விடுவது அதே பள்ளத்தில் மறுபடி விழுவதாகும். வைப்பதற்கு முன்பே அவர் குறிப்புகளை வாசித்துக் காட்டினார். மேனேஜர் ஓரிடத்தில் திருத்தினார்: புதன் அல்ல, வியாழன். அரைமணி நேரத்தில், அதே மெயில் தொடரின் கடைசியில், ஒன்பது பேருக்கும் இது போனது:

“இன்று போனில் பேசி ஒப்புக்கொண்டவை: 21 முதல் 34 வரையான ரோல்கள் மட்டும் நாளை காலை திரும்பும், வண்டி எங்களுடையது. 66 அங்குலத்தில் மறுபடி காம்பாக்டிங், அந்தச் செலவு உங்களுடையது. முதல் ரோல் முடிந்ததும் ஜிஎஸ்எம்மும் சுருக்கமும் பார்த்து எனக்குச் சொல்வீர்கள், பிறகே மற்ற ரோல்கள். வியாழன் மாலை 6 மணிக்குள் துணி எங்களிடம். மீதி 36 ரோல்களை இன்றே கட்டிங்குக்கு எடுக்கிறோம். இனி அகல மாற்றம் என் மெயிலில் வந்தால் மட்டுமே செல்லும். முடிவாகாதது: தையல் நிற்கும் ஒருநாள் இழப்பு யாருடையது. சனிக்கிழமை பேசுவோம். விடுபட்டதோ தவறோ இருந்தால் நாளை காலை 11 மணிக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் ‘சரி’ என்று ஒரு வரி அனுப்புங்கள்.”

கட்டிங் மாஸ்டரின் பெயரோ, யார் தவறு என்ற பேச்சோ இதில் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஆளும் நேரமும் இருக்கின்றன. ‘சரி’யைக் கேட்டு வாங்குவதிலும் காரணம் இருக்கிறது. பதில் வராததைச் சம்மதம் என்று பிறகு வாதாடுவது கடினம்.

மிகுந்த கவனத்தோடு எழுத வேண்டிய இடம் ‘முடிவாகாதது’ என்ற பகுதி. மெயிலில் ஒப்புக்கொண்டது வெறும் பேச்சு அல்ல. டிரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் நிறுவனங்களுக்கு இடையிலான பாக்சைட் வழக்கில், முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாமலே மெயில் பரிமாற்றத்தால் ஒப்பந்தம் உருவாகிவிட்டதாக உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. எனவே போனில் “பார்த்துக்கலாங்க” என்று மட்டும் சொன்னதை “ஏற்றுக்கொண்டார்” என்று எழுதுவது நேர்மையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. எதிராளி அப்படி எழுதி அனுப்பினால் அன்றே மறுப்பு எழுதிவிட வேண்டும்.

எல்லாச் சண்டைக்கும் போன் மருந்தல்ல. வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு தனியாகப் பேசக் கூடாது. மிரட்டல், பாலியல் தொல்லை போன்ற புகார்களை எழுத்திலேயே வைத்திருக்க வேண்டும். போனில் சொன்னதை அடுத்த நாள் மறுக்கும் பழக்கம் உள்ளவரோடு பேச நேர்ந்தால், சொல்லிவிட்டு மூன்றாவதாக ஒருவரைக் குறிப்பெடுக்க உட்கார வைக்கலாம். பேசியும் ஒத்துவரவில்லையென்றாலும் மெயில் போக வேண்டும், அப்போது அதில் இருவரின் நிலையும் அவரவர் சொன்ன எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மேலே இருப்பவர் முடிவெடுக்க அந்த ஒரு பக்கம் போதும், முப்பது மெயிலைப் படிக்க வேண்டியதில்லை.