உஷார்! ‘டார்ச் பாசிட்டிவ்’ என்றதும் பதறாதீர்கள்

இரண்டாவது முறையும் கரு கலைந்துவிட்டதா? டெஸ்டுகள் எழுதிய சீட்டோடு லேபுக்குக் கிளம்பிவிட்டீர்களா? ரத்தம் கொடுக்கும் முன் அந்தச் சீட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் ‘டார்ச்’ இருந்து, ‘ஆப்லா’ எனப்படும் ஆன்டிபாஸ்ஃபோலிபிட் பரிசோதனை இல்லாவிட்டால், தேவையில்லாததற்குக் காசு கட்டிவிட்டுத் தேவையானதை விட்டுவிடப் போகிறீர்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 29 வயதுப் பெண். முதல் கரு எட்டாவது வாரத்தில் ஹார்ட் பீட் நின்று கலைந்தது, அடுத்தது ஒன்பதாவது வாரத்தில். டார்ச் ரிப்போர்ட்டில் ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ், சைட்டோமெகலோ வைரஸ் ஐஜிஜி பாசிட்டிவ், டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஎம் ‘பார்டர்லைன்’. மூன்றும் தடித்த எழுத்தில். வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போய்விடுகிறது. பாவம், வாசலில் படுத்திருக்கும் பூனைக்கும் அன்றோடு அடைக்கலம் போகிறது.

அந்தக் காகிதம் உண்மையில் என்ன சொல்கிறது? ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் அந்தக் கிருமி என்றைக்கோ உடலுக்குள் வந்து போயிருக்கிறது, எதிர்ப்பு சக்தி தங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ரூபெல்லாவுக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலே ஐஜிஜி பாசிட்டிவ் வரும், வரவும் வேண்டும். சைட்டோமெகலோ வைரஸ் சின்ன வயதிலேயே சளி, காய்ச்சல் போல வந்து போய்விடுவது. நம் நாட்டுப் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோரைச் சோதித்தால் பாசிட்டிவ்தான், அவர்களில் ஐந்தாறு பிள்ளை பெற்ற பாட்டிகளும் அடக்கம்.

டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஎம் சிலருக்குத் தொற்று தீர்ந்து மாதக்கணக்கில், ஏன், வருடம் கடந்தும் ரத்தத்தில் தெரியும். தொற்றே இல்லாமல் பொய்யாகவும் தெரியும். சரி, புதிய தொற்று என்றே வைத்துக்கொள்வோம். இன்றைக்கு வந்த தொற்று, போன வருடம் கலைந்த கருவுக்கு எப்படிக் காரணமாகும்? இந்தக் கிருமிகள் ஒரு கர்ப்பத்தைக் கெடுக்கலாம். அதன்பின் எதிர்ப்பு சக்தி வந்துவிடுவதால் கர்ப்பத்துக்குக் கர்ப்பம் கெடுப்பது இவற்றின் வழக்கமல்ல. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி, தொடர் கருச்சிதைவுக்கு டார்ச் சோதனை உதவாது என்று 2003லேயே எழுதிவிட்டது. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு முடிவுக்குத்தான் நிஜமான பயன் உண்டு: ரூபெல்லா ஐஜிஜி நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்துக்கு முன் தடுப்பூசி போட்டுக்கொண்டு ஒரு மாதம் பொறுக்கலாம். பாசிட்டிவுக்கு அழுது நெகட்டிவுக்கு நிம்மதியடைபவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்!

அடுத்த வலை எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணு டெஸ்ட். இதில் மாற்றம் இருந்தால் ‘ரத்தம் உறைகிறது’ என்று சொல்லி, கர்ப்பம் முழுக்கத் தினமும் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி. இந்த மாற்றம் ஊரில் ஏகப்பட்ட பேருக்குச் சாதாரணமாக இருப்பது. தொடர் கருச்சிதைவுக்காக இதைச் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013ல் சொல்லிவிட்டது. பரம்பரையாக ரத்தம் உறையும் கோளாறு நிஜமாகவே உள்ள பெண்களுக்காவது ஊசி உதவுமா? 326 பெண்களிடம் சோதித்த அலைஃப் 2 ஆய்வு 2023ல் வந்தது. ஊசி போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 71 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. வித்தியாசமே இல்லை. ‘புரோட்டீன் எஸ் குறைவு’ என்ற ரிப்போர்ட்டிலும் கவனம். கர்ப்ப காலத்தில் அந்தப் புரதம் தானாகவே குறையும். கரு கலைந்த கையோடு ரத்தம் எடுத்தால் இல்லாத நோய் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் ஹெப்பாரின் யாருக்கு? ஆன்டிபாஸ்ஃபோலிபிட் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு. லண்டனில் நடந்து 1997ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தக் கோளாறுள்ள பெண்களில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. ஹெப்பாரினும் சேர்த்துக்கொண்டவர்களில் 71 சதவீதம். கண்டுபிடித்தால் கையில் மருந்து இருக்கிறது. அதனால்தான் இந்த டெஸ்டை விடக்கூடாது என்கிறேன்.

விடாமல் செய்தாலும் அரைகுறையாகச் செய்கிறார்கள். பார்க்க வேண்டியவை மூன்று: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா 2 கிளைகோபுரோட்டீன். பல சீட்டுகளில் நடுவில் உள்ளது மட்டும் இருக்கும். நம் உதாரணப் பெண்ணுக்கும் அப்படித்தான். கரு கலைந்த இரண்டாவது வாரத்தில் ஆன்டிகார்டியோலிபின் ஐஜிஜி 18 யூனிட். லேபின் எல்லை 15 என்பதால் அதுவும் தடித்த எழுத்து. ஆனால் 2006ன் சர்வதேச அளவுகோல்படி 40 யூனிட்டுக்கு மேலோ, ஆரோக்கியமானவர்கள் நூறு பேரில் 99 பேரைத் தாண்டிய அளவிலோ இருக்க வேண்டும். அதுவும் குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு தடவை இருக்க வேண்டும். ஒரு வைரஸ் காய்ச்சலுக்குக்கூட இது கொஞ்சம் ஏறி இறங்கும். அவருக்கு 12 வாரம் கழித்து மூன்றையும் பார்த்து, எல்லாம் நெகட்டிவ் என்று வந்தால் அந்த நோய் இல்லை, ஊசியும் வேண்டாம். இங்கே இன்னொரு கண்ணி: அதற்குள் ஹெப்பாரினை ஆரம்பித்துவிட்டால் லூபஸ் டெஸ்டின் முடிவு குழம்பும். ஊசி ஓடும்போது ரத்தம் கொடுத்தால் லேபில் கட்டாயம் சொல்லுங்கள்.

தைராய்டுக்கு டி.எஸ்.எச்., கர்ப்பப்பைக்குள் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று பார்க்க 3டி ஸ்கேன், இவை நியாயமான டெஸ்டுகள். சர்க்கரைக்கு அறிகுறி இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியதே காரணம். அதைக் கலைந்த திசுவில் பார்க்கலாம். எல்லா வழிகாட்டிகளும் இதைக் கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆனால் பிரிட்டனில் மூன்றாவது கருச்சிதைவு முதல் செய்யச் சொல்கிறார்கள். டி அண்ட் சி நாளில் திசுவை வழக்கம்போல ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல்களை வளர்த்துக் குரோமோசோம் பார்க்க முடியாது. சுத்தமான சலைனிலோ லேப் தரும் திரவத்திலோ வைக்க வேண்டும். தியேட்டருக்குள் போகும் முன்பே கேட்டுவிடுங்கள். ‘46, எக்ஸ்எக்ஸ்’ என்று முடிவு வந்தால் அது கருவா, கலந்துவிட்ட அம்மாவின் செல்லா என்றும் கேளுங்கள்.

எல்லாம் நார்மல் என்றதும் அடுத்த கடை திறக்கும். என்.கே. செல் டெஸ்ட், பிறகு கணவரின் வெள்ளையணுவைப் பிரித்து மனைவிக்கு ஊசியாகப் போடும் ‘லிட்’ சிகிச்சை. 1999ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இதைப் போட்டுக்கொண்டவர்களில் 36 சதவீதம் பேர்தான் 28 வாரம் தாண்டினார்கள். வெறும் சலைன் போட்டவர்களில் 48 சதவீதம்! 2002ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதைச் செய்யக்கூடாது என்றது. இதற்கு முன்பணம் கேட்டால் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இதைப் படிப்பவர் இப்போதே கர்ப்பமாக இருந்து ஹெப்பாரின் போட்டுக்கொண்டிருந்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த ரிப்போர்ட்டை வைத்து ஆரம்பித்தார்கள், அது 12 வாரம் கழித்து மறுபடி பார்க்கப்பட்டதா என்று அடுத்த செக்-அப்பில் டாக்டரிடம் கேளுங்கள்.